அப்பா சட்டையில் யார் வாசனை

அப்பா விட்டுப்போன சட்டைகள் மொத்தம் 23. பீரோவில் துவைத்து மடித்து வைத்தவை 19. அழுக்குக் கூடையில் கிடந்தவை 3. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது ஒன்று. காரியம் முடிந்து மூன்று வாரம் கழித்து, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா திண்டிவனத்திலிருந்தும் நான் சென்னையிலிருந்தும் செஞ்சிக்கு வந்து அவற்றைப் பிரிக்க உட்கார்ந்தோம். வெளியே மழை. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரியும் ராஜகிரி மலை அன்று பாதிக்கு மேல் மேகத்தில் மறைந்திருந்தது.

அன்றைக்கே அதைச் செய்ய வேண்டியிருந்ததற்குக் காரணம் பெரியப்பா மகன். நாங்கள் இருவரும் பெண்கள் என்பதால் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது அவர்தான். முந்தின வாரம் போன் செய்திருந்தார். "சித்தப்பா சட்டையெல்லாம் எடுத்து வைம்மா. நல்லதா நாலு எனக்கு ஆவும். மத்தத யாருக்காவது குடுத்துடலாம். ஆம்பள சட்டைய வெச்சுக்கிட்டு பொம்பளப் புள்ளைங்க நீங்க என்ன பண்ணப் போறீங்க?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கொள்ளி வைத்தவருக்கு இறந்தவரின் பொருளில் ஒரு பாத்தியதை உண்டு என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை, அவரும் கேட்டதில்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஒரு ஆண் சுயமாகச் சம்பாதித்த சொத்து முதலில் அவருடைய முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகிறது. மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் அந்த வகுப்பில் வருகிறார்கள். ஆளுக்குச் சம பங்கு. அண்ணன் மகன் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் அவருக்கு எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் பாட்டி இல்லை, ஆண் பிள்ளையும் இல்லை. அம்மாவுக்கு ஒரு பங்கு, அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சொத்து என்றால் வீடும் நிலமும் மட்டுமல்ல. பீரோவும் அதற்குள் இருக்கும் துணியும் அதில் அடக்கம். வீட்டுக்கும் கொல்லைக்கும் பெண்கள் பங்கு கேட்டால் ஊர் பேசும் என்பதால் அதைப் பற்றி நாங்கள் நிறைய யோசித்திருந்தோம். சட்டையைப் பற்றி யோசித்திருக்கவில்லை.

அக்கா முதலில் செய்த காரியம் ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகர்ந்து பார்த்ததுதான். பீரோவில் இருந்த 19 சட்டையிலும் பாச்சை உருண்டை வாடை. "ஒண்ணுலயும் அப்பா இல்லடி" என்றாள். பிறகு கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் காலரில் மூக்கை வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். என்னிடம் நீட்டினாள். தேங்காய் எண்ணெய், விபூதி, வியர்வை, கோணித் தூசி. அப்பா 35 வருஷம் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதினார். ஓய்வு பெற்ற பிறகும் தினம் காலையில் அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். கோணியின் அந்த வாசனை அவரை விட்டுப் போகவேயில்லை.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். அக்கா கேட்டாள், "இத எத்தனை நாளைக்கு இப்படியே வெக்க முடியும்?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வியர்வைக்குத் தனியாகப் பெரிய வாசனை கிடையாது. அக்குளில் ஊறும் சுரப்பைத் தோலில் வாழும் பாக்டீரியா சிதைக்கும்போதுதான் ஒவ்வொருவருக்கும் உரிய வாடை உண்டாகிறது. காலரில் தங்குவது கழுத்துத் தோலின் எண்ணெய்ப் பசையும் தலைக்குத் தடவிய எண்ணெயும். பருத்தி நூல் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். துவைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். பாலியஸ்டர் ஈரத்தை ஏற்காது, ஆனால் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கலப்பு நூலான டெரிகாட்டன் சட்டையில் ஒரு துவைப்புக்குப் பிறகும் ஆள் வாடை கொஞ்சம் மிஞ்சும். சந்தேகப்பட்டு பீரோவில் இருந்த டெரிகாட்டன் சட்டைகளின் அக்குள் பக்கத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்து பார்த்தோம். இரண்டில் மெல்லிசாக இருந்தார்.

வைத்துக்கொள்ள வழி உண்டு, ஆனால் அதற்கு ஒரு எல்லையும் உண்டு. வாசனை என்பது துணியிலிருந்து காற்றுக்குப் போகும் பொருள். நாம் முகர்வது ஒவ்வொன்றும் துணியை விட்டுப் போனதுதான். காற்று புகாத கனமான உறையில் போட்டால் போகும் வேகம் குறையும். ஆனால் மழை நாளில் ஈரத்தோடு மூடினால் ஒரே வாரத்தில் பூஞ்சை வாடை ஏறி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் முதலில் நிழலில், விசிறிக் காற்று நேராகப் படாமல் உலர்த்த வேண்டும். பாச்சை உருண்டை பக்கத்தில் இருக்கக் கூடாது. திறந்தால் இரண்டு மூச்சு, அவ்வளவுதான். மூன்றாவது நான்காவது மூச்சில் மூக்கு பழகிவிடும், வாசனை போய்விட்டதென்று பயம் வந்துவிடும். எவ்வளவு பத்திரப்படுத்தினாலும் லேசான வாசனைகள் முதலில் போகும். எண்ணெய் மட்டும் நின்று, காற்றில் கெட்டு, சிக்கு வாடையாகும். சில மாதத்தில் சட்டை இருக்கும், அப்பா இருக்க மாட்டார்.

இதையெல்லாம் அம்மா சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பொட்டு எடுத்த நெற்றி எங்களுக்கு இன்னும் பழகவில்லை. அக்கா சட்டையை அவளிடம் நீட்டி, "அப்பா வாசனம்மா" என்றாள். அம்மா வாங்கி முகர்ந்தாள். பிறகு காலரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுல பாதி என்னோட கஞ்சி."

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அம்மா சிரிக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஆறு சட்டை. கூடையிலிருந்து எடுத்ததும் காலரையும் கைப்பட்டையையும் மட்டும் நனைத்துச் சோப்பு போட்டு அரை மணி ஊற வைப்பாள். பிறகுதான் முழுச் சட்டையும். கல்லில் அடித்தால் பொத்தான் உடையும், அதனால் கையால் கசக்குவாள். கடைசி அலசலில் நீலம். வெள்ளைச் சட்டைக்கு மட்டும், காலையில் சோறு வடித்த கஞ்சியை வடிகட்டித் தண்ணீர் விளாவி அதில் முக்கி எடுப்பாள். நீலம் கரையாமல் விழுந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். கஞ்சி கட்டியாக இருந்தால் காலர் கழுத்தை அறுக்கும். நன்றாகக் காயாமல் மடித்தால் புளித்த வாடை வரும். காய்ந்ததும் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கரிப்பெட்டியில் தேய்ப்பாள். கரண்ட் பெட்டி வந்தது பிறகுதான். "ஒரு நாள் போட்ட சட்டைய மறுநாள் அவரு போட்டதில்ல. அதான் அந்த வாசன. இல்லாட்டி வெறும் வேர்வ நாத்தம்தான் வந்திருக்கும்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு 6, வருஷத்துக்கு 312, கல்யாணமாகி 41 வருஷம். 12,792 சட்டைகள். பிரசவத்துக்குத் தாய்வீடு போன மாதங்களைக் கழித்தாலும் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது. வேதியியல் படித்த நான் எண்ணெயையும் பாக்டீரியாவையும் பிரித்துச் சொன்னேன். மாவுச் சத்து என் பட்டியலில் வரவேயில்லை. துவைத்த துணியின் மேல் ஒரு நாள் வேர்வை படும்போது வருவதுதான் நாங்கள் சின்ன வயதிலிருந்து அப்பா என்று முகர்ந்த வாசனை. அந்தச் சுத்தமான அடித்தளத்தை வாரம் தவறாமல் போட்டது ஒரு பெண். அதற்கு அவர் பேர் வந்தது.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. செஞ்சியின் ராஜா தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு போரிட்டு இருபத்துச் சொச்சம் வயதில் இறந்தார். அவரைப் பற்றிப் பாட்டு உண்டு, அவர் குதிரைக்கும் பேர் உண்டு. அவர் மனைவியை ஊர் நினைவில் வைத்திருப்பது உடன்கட்டை ஏறியதற்காக. அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயரை வைத்தார் என்று சொல்வார்கள். அந்த ஊர்ப் பேரிலும் அவள் வெறும் ராணிதான். கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோதெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவள் உயிரோடு இருந்த நாட்களில் என்ன செய்தாள் என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அம்மாவிடம் கேட்டோம். "உனக்கு எந்த சட்டை வேணும்மா?" அவளை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. பங்கு போட்டுக்கொண்டிருந்த நாங்கள்கூட அவளைச் சாட்சியாகத்தான் உட்கார வைத்திருந்தோம்.

அம்மா எழுந்து வந்தாள். பீரோவில் இருந்ததிலிருந்து தடித்த பருத்திச் சட்டை ஏழைத் தனியாக எடுத்து வைத்தாள். எல்லாம் பழசு, முழங்கை தேய்ந்தது. "கொல்லைக்கு ஆவும்" என்றாள்.

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா கொல்லைக்குப் போகும்போது புடவைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைத்தான் போட்டிருக்கிறாள். களை வெட்டும்போது முதுகில் வெயில் ஏறாமலிருக்க, மல்லாட்டை பிடுங்கும்போது கையில் சொணை படாமலிருக்க, முந்தானை நழுவாமலிருக்க. செஞ்சியைச் சுற்றி எந்த வயலில் பார்த்தாலும் பெண்கள் ஆண் சட்டையோடுதான் குனிந்திருப்பார்கள். ஆம்பள சட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குப் பதில் எங்கள் கண்ணெதிரே நாற்பது வருஷமாக நடமாடிக்கொண்டிருந்தது.

மீதியைப் பிரிப்பது சுலபமாக இருந்தது. அண்ணன் கேட்ட நான்கை நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்தோம். கொடுப்பது நாங்கள் என்று தெரியும்படி அக்காவே போன் செய்து சொன்னாள். மிச்சமிருந்த எட்டு மண்டியில் அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கு. கூடையில் இருந்ததில் அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உலர்த்தி உறையில் போட்டோம். மூன்றாவதை அம்மா துவைக்க எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு மனசில்லை. "அதுலயும் அப்பா இருக்காரும்மா, துவைக்காத" என்றாள். "அழுக்குச் சட்டையோட அவர நான் ஒரு நாளும் வெளிய அனுப்புனதில்ல" என்று மட்டும் அம்மா சொன்னாள். அவளுடைய பங்கு அது. அக்கா கையை எடுத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கியதை யாரும் தொடவில்லை. அம்மா வேண்டும்போது எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

கார்த்திகையில் மல்லாட்டை பிடுங்கினார்கள். அக்கா போய்விட்டு வந்து போனில் சொன்னாள்: அவளுடைய உறையில் விபூதி வாசனை போய்விட்டதாம், எண்ணெய் மட்டும் இருக்கிறதாம். அம்மா நீலச் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாளாம். பக்கத்தில் போனபோது பச்சை மல்லாட்டையும் ஈர மண்ணும் வேர்வையும் கலந்த வாசனை வந்ததாம். "அது அம்மா வாசனடி" என்றாள்.