கூம்பும் உருளையும்: அச்சுக்கு அனுப்ப முன் மூன்று விஷயம்

பதினொராம் தரத்தில் கூம்பின் கனவளவு படிப்பிக்கிற ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒரே ஆரையும் ஒரே உயரமும் உள்ள கூம்பால் மூன்று தரம் ஊற்றினால் உருளை நிரம்ப வேண்டும். மட்டையில் செய்த கூம்பு ரெண்டாம் பாடத்துக்கே நசிந்துபோகும். அதனால எங்கட பிள்ளைகளில் ஒருவன் ப்ளெண்டரில் ரெண்டையும் வரைந்து, "சேர், அச்சடிக்கக் குடுப்பமா?" என்று கோப்பைத் தந்தான். உள் ஆரை 3 சென்ரிமீற்றர், உயரம் 9 சென்ரிமீற்றர். திரையில் நல்ல வடிவாத்தான் இருந்தது. ஆனா அந்தக் கோப்பு அப்படியே போயிருந்தால் கூம்பு வந்திருக்காது, ஒரு கட்டிதான் வந்திருக்கும்.

அவன் கூம்பின் அடி முகத்தை அழித்து வாயைத் திறந்திருந்தான். கண்ணுக்கு அது பாத்திரம். ஆனா அதன் சுவருக்குத் தடிப்பே இல்லை, வெறும் தோல். ஸ்லைசர் அதை அடுக்கடுக்காக வெட்டும்போது ஒவ்வொரு அடுக்கிலும் மூடிய ஒரு வட்டத்தைத்தான் காணும். வட்டத்துக்குள்ள இருக்கிறது எல்லாம் பிளாஸ்டிக் என்று எடுத்து நிரப்பிவிடும். திறந்த விளிம்பைக் கண்டதும் வாயை அடைக்கிறதும் இதே கதைதான். இங்க இல்லாதது மூடி இல்லை, தடிப்பு.

Edit Mode-இல் Select > Select All by Trait > Non Manifold கொடுத்தால் திறந்த விளிம்பெல்லாம் தெரிவாகும். வாய் வட்டம் தெரிவாகிறது நியாயம். இவனுடையதில் பக்கச் சுவரிலும் நெடுக ஒரு கோடு தெரிந்தது. பொருந்தாமல் ஒன்றின் மேல் ஒன்றாக நின்ற புள்ளிகள் அவை. எல்லாத்தையும் தெரிவு செய்து M அழுத்தி Merge by Distance கொடுத்ததும் அந்தக் கோடு போய்விட்டது.

தடிப்பு கொடுக்கிறது Solidify. ஆனா அதுக்கு முன்னம் முகங்கள் எந்தப் பக்கம் பார்க்குது என்று பார்க்கணும். Overlays பட்டியலில் Face Orientation-ஐப் போட்டால் திரும்பிக் கிடக்கிற முகம் சிவப்பாகும். இவன்ட கூம்பில் வெளிப்பக்கத்தில் நாலைந்து சிவப்புப் பட்டை. எல்லாத்தையும் தெரிந்து Shift+N அழுத்தினால் வெளிப்பக்கம் ஒரே சீராக வரும். திறந்த உருவில் மென்பொருள் "வெளி" எது என்று ஊகிக்கத்தான் செய்யும். அதனால அழுத்தின பிறகும் ஒருக்கா சுற்றிப் பார்க்கணும்.

இதில ஏன் இவ்வளவு கவனம் என்றால், Solidify சுவரை எந்தப் பக்கம் வளர்க்கும் என்பதை அந்தத் திசைதான் தீர்மானிக்குது. வழமையான Offset -1. அது உள்ளுக்கு வளரும். 2 மில்லிமீற்றர் சுவரை அப்படி உள்ளுக்கு எடுத்தால் உருளையின் கொள்ளளவு 254 மில்லிலீற்றரில் இருந்து ஏறத்தாழ 217 ஆகும். கூம்பு 85-இல் இருந்து 70-க்கும் கீழே போகும். சரிவான சுவர் நுனியில் கூடுதல் இடத்தைப் பிடிக்குது, அதால கூம்பு இழக்கிற பங்கு உருளையை விடப் பெரிசு. மூன்று தரம் ஊற்றியும் உருளை நிறையாது. பிள்ளைகள் சூத்திரத்தைத்தானே சந்தேகிப்பார்கள்? அதனால Offset-ஐ 1 ஆக்கி, Even Thickness-ஐயும் Fill-க்கு Rim-ஐயும் போட்டோம். இப்ப வரைந்த அளவே உள் அளவு, சுவர் வெளியில.

உருவை இழுத்துப் பெரிதாக்கியிருந்தால், இதுக்கு முன்னமே Object Mode-இல் Ctrl+A, Scale கொடுத்துவிடணும். இல்லாட்டி 2 மில்லிமீற்றர் என்று எழுதினது வேற ஏதோவாக வரும்.

கடைசியாக அளவு. எஸ்டிஎல் கோப்பில் எண்கள் மட்டும்தான் இருக்கும், அலகு இருக்காது. ப்ளெண்டர் மீற்றரில் 0.06 என்று எழுதும். ஸ்லைசர் அதையே மில்லிமீற்றர் என்று வாசிக்கும். உருளை தூசியளவாகித் திரையில் காணாமலே போகும். ஏற்றுமதிப் பெட்டியில் Scale-ஐ 1000 ஆக்கி, Apply Modifiers-இல் சரி இருக்கா என்று பார்த்தோம். ஸ்லைசரில் உருளை 64 × 64 × 92 மில்லிமீற்றரை ஒட்டி இருந்தால் சரி. 2.5 என்று கண்டால் ஆரோ அங்குலத்தில் எழுதியிருக்கிறாங்க.

கூம்பை வாய் கீழாக வைத்தால் முட்டுக்கொடுக்கத் தேவையில்லை, சுவர் அவ்வளவு செங்குத்து. பிறகு அடுக்குக் காட்சியை மேலும் கீழும் இழுத்துப் பாருங்க. ஒவ்வொரு அடுக்கும் வளையமாகத் தெரியணும், நிரம்பின வட்டமாக இல்லை. நுனியில் மட்டும் நிரம்பி வரும், அது சுவர்தான்.

ஊற்றிப் பார்க்கத் தண்ணிக்குப் பதிலாக உலர்ந்த கடல் மணல் நல்லது. அச்சு அடுக்குகளுக்கிடையில் தண்ணி கசியலாம், மணல் கசியாது. நம்மட கரையில அதுக்குப் பஞ்சமுமில்லை. கோப்பு வேணும் என்றால் உள்பெட்டியில் சொல்லுங்க, அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு அனுப்புறன்.