முதலில் நான்

மூல அறுவை சிகிச்சை முடிந்து கொடுத்த சீட்டில் முதல் மாத்திரை டிராமடால். வலியைக் குறைக்கும், ஆனால் அபினைப் போல வேலை செய்வதால் குடலின் அசைவையும் மந்தமாக்கி மலத்தை இறுக்கும். இறுகிய மலம் ஆறாத புண்ணை உரசும். அந்த வலிக்குப் பயந்து அடக்கினால் மேலும் இறுகும். பிரசவத்தில் வந்த மூலத்தைப் பதினோரு ஆண்டு யாரிடமும் சொல்லாத நான், "இதைச் சாப்பிட்டால் மலச்சிக்கல் வருமா?" என்று மருத்துவரிடம் கேட்டேன்.

அவர் மாற்றி எழுதினார். பாராசிட்டமால் 650 மி.கி. ஆறு மணிக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திருக்காமல். அதோடு சாப்பாட்டுக்குப் பின் இபுபுரூஃபன் 400 மி.கி. மூன்று வேளை, சில நாள் மட்டும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்கு இது ஆகாது. டிராமடால் தாங்கவே முடியாத நேரத்துக்கு.

மலத்தை இளக்க லாக்டுலோஸ் 15 மி.லி. இரண்டு வேளை, முதல் நாள் இரவிலிருந்தே. அது வேலை செய்ய இரண்டு நாள் வரை ஆகும். சிக்கல் வந்தபின் தொடங்கினால் தாமதம். பேதியானால் அளவைக் குறைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மலம் இளகி வந்தது. எரிந்தது, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்கார்ந்ததும் தணிந்தது. மூன்று நாளாகியும் போகாவிட்டால், சிறுநீர் இறங்காவிட்டால், காய்ச்சலோ நிற்காத ரத்தமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருந்தார்கள்.

உந்துதல் வந்ததும் போக வேண்டும். அடக்கினால் மருந்தும் வீண். எங்கள் வீட்டுக் கழிப்பறை ஒன்றுதான். எல்லோரும் போனபின் போவதே என் வழக்கம். அந்த மாதம் முதலில் நான் போனேன்.