நிகழ்காலத்துக்குத் திரும்பும் கட்

வடபழனி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பி கதிருக்கு,

அக்கா எழுதுவது. உன் ஸ்கிரிப்டைப் படித்து முடித்துவிட்டேன். கதை நன்றாக இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்பாவின் நிலத்தை விற்கக் கையெழுத்துப் போட வந்த செல்வி, பேசாத அண்ணன், முப்பது வருஷத்துக்கு முன்னால் வெட்டிய ஒரு கிணறு என்று மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் ஃபிளாஷ்பேக்குக்குள் போகும்போதும் வரும்போதும் தடுக்குகிறது. போவதைவிட வருவதில்தான் சிக்கல் அதிகம். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் போகிற இடம். ‘செல்வி பழைய நினைவுகளில் மூழ்குகிறாள், டிஸால்வ்’ என்று எழுதியிருக்கிறாய். மூழ்குவதை கேமரா எப்படி எடுக்கும்? நடிகை மோட்டுவளையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அவளை அந்த நேரத்தில் பின்னால் இழுப்பது எது என்று யோசி. உன் சீனிலேயே அது இருக்கிறது. குமாஸ்தா பத்திரத்தில் ‘டம்’ என்று முத்திரை குத்துகிறார். அந்தச் சத்தத்தில் கட் பண்ணு, அடுத்த ஷாட்டில் கிணற்றுக்குள் பாறைக்கு வைத்த வெடி வெடிக்கட்டும். சத்தத்தை வைத்தே மேட்ச் கட் கிடைத்துவிடும். டிஸால்வ் வேண்டாம், முகத்துக்கு க்ளோசப் போவதும் வேண்டாம்.

அடுத்து காட்சித் தலைப்பு. முதல் காட்சியில் மட்டும் ‘ஃபிளாஷ்பேக்’ என்று போட்டுவிட்டு, அடுத்த நாலு காட்சிக்கும் ‘வெளி / கிணற்று மேடு / பகல்’ என்று விட்டுவிட்டாய். வரிசையாகப் படிக்கிறவருக்குப் புரியும். ஷெட்யூல் போடும்போது காட்சிகள் லொகேஷன்வாரியாகப் பிரிந்துவிடும். கிணற்று மேட்டுக் காட்சிகளெல்லாம் ஒரே கட்டாகச் சேரும், அதில் உன் நிகழ்காலக் கிணறும் ஒன்று இருக்கிறது. காஸ்ட்யூம் பார்க்கிற பையனுக்கும் ஆர்ட் அசிஸ்டென்டுக்கும் தலைப்பு வரிதான் ஆதாரம். அதனால் ஒவ்வொரு தலைப்பிலும் ‘ஃபிளாஷ்பேக், 1994’ என்று போடு. திரும்பி வந்ததும் ‘நிகழ்காலம், 2024’ என்று போடு. ‘ஃபிளாஷ்பேக் முடிகிறது’ என்ற வரி மட்டும் போதாது. எங்கே வந்து இறங்குகிறோம் என்பதை அது சொல்வதில்லை.

இப்போது வாய்ஸ் ஓவர். உன் காட்சி 15-இல் அப்பா கடப்பாரையோடு கிணற்றில் இறங்குகிறார். அதன் மேலேயே செல்வியின் குரல், ‘அன்னைக்கு அப்பா கிணறு வெட்ட ஆரம்பிச்சார்’ என்கிறது. படம் காட்டுவதையே குரலும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். படத்தில் தெரியாததைக் குரல் சொல்லட்டும்: ‘அது அண்ணன் காலேஜுக்குக் கட்ட வெச்சிருந்த பணம்.’ ஒரே வரியில் இறங்குகிற அப்பாவையும் கரையில் நிற்கிற அண்ணனையும் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பிப்போம்.

அதைவிடப் பெரிய கேள்வி, செல்வி இதையெல்லாம் யாரிடம் சொல்கிறாள் என்பது. உன் ஸ்கிரிப்டில் அதற்குப் பதில் இல்லை. பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) பார். ராத்திரியில் குண்டடிபட்ட இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வால்டர் நெஃப் ஆபீசுக்கு வந்து, டிக்டஃபோனில் தன் சக ஊழியர் கீஸுக்கு வாக்குமூலம் கொடுக்கிறான். கொலை செய்தது தான்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறான். அதனால் யார் செய்தார்கள் என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை, எப்படி அதில் போய் விழுந்தான் என்றுதான் பார்க்கிறோம். குரலுக்கு ஒரு கருவி இருக்கிறது, கேட்கப்போகிறவர் ஒருவர் இருக்கிறார். நிகழ்காலமும் சும்மா காத்திருப்பதில்லை. அவன் உடம்பிலிருந்து ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் பழைய கதை நிகழ்காலத்தை எட்டிப் பிடிக்கும்போது, கீஸே வாசலில் வந்து நிற்கிறார். அதுவரை வாய்ஸ் ஓவராக இருந்தது நேருக்கு நேர் பேச்சாக மாறிவிடுகிறது. நம்ம ஊரில் சேரனின் ‘ஆட்டோகிராப்’ (2004) இன்னொரு வழி. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகும் பயணம் நிகழ்காலத்தை நகர்த்திக்கொண்டே இருக்கும்.

நிகழ்காலத்தை நகர்த்த உனக்கு சார்பதிவாளர் அலுவலக டோக்கன் இருக்கிறது. பக்கத்தில் செல்வியின் மகளை உட்கார வை, அவளிடம் சொல்லட்டும். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் டோக்கன் எண் கூடியிருக்க வேண்டும், அண்ணன் இருக்கிற இடமும் மாறியிருக்க வேண்டும். இப்போது காட்சி 19 எப்படி இருக்கிறது? ‘செல்வி நினைவு கலைந்து கண்ணைத் துடைக்கிறாள்.’ அதே பெஞ்ச், அதே ஃபேன். நாலு பக்கம் வெளியே போய்விட்டு வந்தும் எதுவும் நகரவில்லை. நான் எழுதிப் பார்த்தது இது:

காட்சி 18. வெளி / கிணற்று மேடு / மாலை. ஃபிளாஷ்பேக், 1994
கிணற்றின் அடியில் ஈரம் கசிகிறது. அப்பா ஒரு பிடி சேற்றை அள்ளி மேலே காட்டிச் சிரிக்கிறார். அண்ணன் (17) திரும்பி நடக்கிறான்.
செல்வி (42), வாய்ஸ் ஓவர்: தண்ணி வந்த அன்னைக்கு ஊரே வந்து பாத்துச்சு. அண்ணன் மட்டும்...
உதவியாளர் குரல், அடுத்த காட்சியிலிருந்து: டோக்கன் முப்பத்தெட்டு!
கட்.

காட்சி 19. உள் / சார்பதிவாளர் அலுவலகம் / பகல். நிகழ்காலம், 2024
செல்வி (மகளிடம்): ...அந்தக் கிணத்துல ஒரு வாளி தண்ணி மொண்டதில்ல.
மகள் கையில் டோக்கன் 39. வாசலில் நின்ற அண்ணன் (47) இப்போது எதிர் பெஞ்சில். அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

இங்கே என்ன நடக்கிறது பார். உதவியாளரின் குரல் படத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடுவதால், கட் விழும்போது பார்வையாளர் தயாராக இருப்பார். வாக்கியத்தின் முன்பாதி வாய்ஸ் ஓவர், பின்பாதி அவள் வாயிலேயே வருகிறது. அதனால் அது யார் குரல், எங்கிருந்து பேசுகிறாள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அண்ணன் கேட்டுவிட்டார் என்பதால் அடுத்த காட்சிக்கும் வேலை வந்துவிட்டது. இதை எல்லாத் திரும்புதலுக்கும் செய்யாதே. மூன்றாவது தடவை செய்தால் வித்தையாகத் தெரியும். சில இடத்தில் குரலே இல்லாமல் வெறும் கட் போதும்.

பெயருக்குப் பக்கத்தில் வயசு போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. 1994 காட்சியில் ‘செல்வி குரல்’ என்று மட்டும் எழுதினால், பன்னிரண்டு வயசுச் சிறுமி ஃப்ரேமுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறாளா, இன்றைய செல்வி சொல்கிறாளா என்று தெரியாது. அங்கேயே நின்று பேசினால் ‘ஃப்ரேமுக்கு வெளியே’, இன்றிலிருந்து பேசினால் ‘வாய்ஸ் ஓவர்’. டப்பிங்கில் இரண்டுக்கும் ஒலி வேறு.

அப்புறம் காட்சி 24. அப்பா 1994-இல் உட்கார்ந்துகொண்டு 1970-ஐ நினைக்கிறார். ஃபிளாஷ்பேக்குக்குள் ஃபிளாஷ்பேக். செல்வி பிறக்காத காலம், அவள் குரல் அங்கே நிற்காது. அதை அப்பாவின் வாயில் ஒரு வசனமாக வைத்துவிடு.

திருத்தியதும் ஒரு சோதனை செய். நிகழ்காலக் காட்சிகளை மட்டும் தனியாக உருவி, வரிசையாகப் படி. டோக்கன் வாங்கியதிலிருந்து கைநாட்டு வரைக்கும் அதுவே ஒரு சின்னக் கதையாக நகர்கிறதா? எங்கே நின்றுபோகிறதோ, அங்கே திரும்பும் ஃபிளாஷ்பேக் ஒன்று நீளம், இல்லையென்றால் தேவையில்லை.

14 முதல் 19 வரை மட்டும் திருத்தி அனுப்பு, மற்றதை அப்புறம் பார்ப்போம். அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டாயா? பதில் போடும்போது அதையும் எழுது.

அன்புடன்,
அக்கா