ஒலவக்கோடு என்று கேளுங்கள்

கொழிஞ்சாம்பாறைத் தமிழர் ஒருவர் சென்னை வண்டிக்காகப் பேருந்தில் பாலக்காடு வந்து இறங்குகிறார் என்று கொள்வோம். “ஸ்டேஷன் எங்கே?” என்று அவர் கேட்டால், அருகிலிருக்கும் டவுன் நிலையத்தையே ஊரார் காட்டக்கூடும். வழி சொன்னவர் மீது பிழையில்லை, கேள்வியில்தான் பிழை. சென்னை மெயில் நிற்கும் பாலக்காடு சந்திப்பு நகருக்குள் இல்லை. நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி ஒலவக்கோட்டில் இருக்கிறது. முன்னர் அந்நிலையத்தின் பெயரே ஒலவக்கோடுதான். பெயர்ப்பலகையில் மறைந்த சொல் ஆட்டோக்காரர் நாவில் இன்றும் வாழ்கிறது. அதைச் சொன்னால் குழப்பமில்லை.

பயணச்சீட்டில் ஊர்ப்பெயரைவிடக் குறியெழுத்தே நம்பத்தக்கது. PGT என்றால் சந்திப்பு. PGTN என்றால் பொள்ளாச்சிப் பாதையிலுள்ள டவுன். ஓரெழுத்தே வேறுபாடு. திருச்சி வண்டி டவுனில் புறப்பட்டுச் சந்திப்பு வழியே செல்வதால், அதற்கு எங்கே ஏறினாலும் வண்டி கிடைக்கும். ஆனால் அந்தப் பழக்கத்தை மற்ற வண்டிகளுக்கும் நீட்டுவதுதான் ஆபத்து.

இடுக்கி மாவட்டத்தில் ரயில் நிலையமே இல்லை. மூணாற்றிலிருந்து எர்ணாகுளம் இறங்குவோருக்கும் இதே சிக்கல் காத்திருக்கிறது. அங்கே ERS சந்திப்பு, ஊரார் வழக்கில் சவுத். ERN டவுன், வழக்கில் நார்த். கோட்டயம் செல்லும் சில வண்டிகள் சந்திப்பைத் தொடுவதே இல்லை. எர்ணாகுளத்து N வடக்கைக் குறிப்பதாகக் கொள்ளலாம். பாலக்காட்டு N-ஐ அவ்வாறு படித்தால் திசை தப்பும். மலையிறங்கும் முன்பே சீட்டிலுள்ள எழுத்துகளைப் பார்த்து, ஓட்டுநரிடம் ‘சவுத்’ அல்லது ‘நார்த்’ என்றே சொல்லிவிட வேண்டும்.