கொஞ்சம் எண்டால் எவ்வளவு?

கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை, மணப்பெண் ஸ்டூடியோ அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது. அவவிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறோம். பேரையும் படங்களின் இலக்கங்களையும் எடுத்துவிட்டோம்.

“வணக்கம் அண்ணா. அல்பத்துக்குத் தெரிஞ்ச படங்கள் எல்லாம் பாத்தன். நல்லா வந்திருக்கு, வீட்டில எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. குறை எண்டு நினைக்காதேங்கோ, ரெண்டு சின்ன விசயம். கூறை மாத்தினதுக்குப் பிறகு மேடையில எடுத்த சில படங்களில பிளவுஸ் கொஞ்சம் ரோஸ் அடிக்குது. மண்டப வாசலில எடுத்ததுகளில சரியாத்தான் இருக்கு. அந்த நிறத்துக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவர ஏலுமா? மற்றது, முன்பக்கத் தலைமுடி செம்பட்டையாவும் பின்னல் நல்ல கறுப்பாவும் தெரியுது. அதையும் கொஞ்சம் ஒண்டாக்கினா நல்லம், கனக்கக் கறுப்பாக்க வேண்டாம். முகத்தின்ர நிறத்தை மட்டும் மாத்தாதேங்கோ அண்ணா. ஏற்கனவே வெள்ளையாக்கின படங்கள் இருந்தா அதையும் பழையபடி விட்டா சந்தோசம். மேலதிகமாக் காசு வந்தா சொல்லுங்கோ. அம்மாவோட கதைக்கேக்க இதைச் சொல்ல வேண்டாம்.”

நாங்கள் இரண்டு பேர், கலைப்பீடத்து மாணவர்கள். சனி ஞாயிறில் அந்த ஸ்டூடியோவில் அல்பம் அடுக்கவும் படம் திருத்தவும் போவோம். வழமையாக அங்கே வருகிற கோரிக்கைகள் இப்படி இருக்காது. “என்னை மெலிவாக்குங்கோ”, “மாமியை அந்தப் படத்தில இருந்து எடுத்துவிடுங்கோ” என்ற ரகம்தான் கூட. இந்தச் செய்தியில் படங்களின் இலக்கம் இருந்தது, எதைப்போல வேண்டும் என்பதற்கு ஒரு படம் இருந்தது, எதைத் தொடக்கூடாது என்றும் இருந்தது. விளங்காமல் இருந்தது இரண்டு விடயம்தான். ஒன்று, அந்தக் ‘கொஞ்சம்’. மற்றது, அம்மாவுக்கு ஏன் தெரியக்கூடாது?

இரண்டாவதை அண்ணா போன் எடுத்துக் கதைத்தபோது அவவே சொன்னா. எங்கள் கலியாணங்களில் கூறை மாப்பிள்ளை வீட்டால் வருவது. சடங்கின் நடுவில் மணப்பெண் எழும்பிப்போய் அதை உடுத்துக்கொண்டு வரவேண்டும், பிறகுதான் தாலி. பிளவுஸ் முன்னரே தைத்திருக்க வேண்டும் என்பதால், கூறையோடு வரும் பிளவுஸ் துணியை வெட்டி முதலிலேயே கொடுத்துவிடுவார்கள். இவவின் துணியைத் தையல்காரர் கையளவு பிழைத்து வெட்டிவிட்டார். கலியாணத்துக்கு மூன்று நாள். அம்மா கூறையில் ஒரு ஓரத்துண்டை எடுத்துக்கொண்டு ரவுணில் கடைகடையாக ஏறி இறங்கி, கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்து, ஒரு துணி வாங்கித் தைப்பித்திருக்கிறா. அச்சொட்டாகப் பொருந்தியதாம். ஆனால் மேடைப் படங்களைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், “நாங்கள் தந்த துணி இதில்லையே” என்று கேட்டுவிட்டார். அம்மாவின் கண் பிழைத்துவிட்டது என்று அம்மாவே நம்பத் தொடங்கிவிட்டா. அதுதான் மகளுக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவின் கண் பிழைக்கவில்லை. இதைப் படங்களிலேயே காணலாம். வாசலில், பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் கூறையும் பிளவுஸும் ஒரே அரக்குச் சிவப்பு. மேடையில் பிளாஷ் போட்டு எடுத்தவற்றிலும் ஏறத்தாழ அப்படித்தான். பிளாஷ் இல்லாமல், வீடியோக்காரரின் எல்ஈடி லைற்றில் எடுத்த படங்களில் மட்டும் பிளவுஸ் ரோஸுக்குப் போகிறது. அதே துணி, அதே கமரா, லைற்றுத்தான் வேறு. இரண்டு துணிகள் வெவ்வேறு சாயத்தில் தோய்த்தவையாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கலாம். சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறக்கதிரும் தொடர்ச்சியாக இருக்கிறது. பிளாஷும் அதற்குக் கிட்ட. மலிவான எல்ஈடியில் நீலம் தூக்கலாக இருக்கும், ஆழ்சிவப்பு குறைவாக இருக்கும். ஆழ்சிவப்பை நம்பியிருக்கிற சாயம் அங்கே வேறு முகம் காட்டும். புடவைக்கடையில் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கிற எங்கட அம்மாமாரின் பழக்கம் முழுக்கச் சரியானது. என்ன, கலியாணம் வாசலில் நடப்பதில்லை.

ஆகவே இந்தக் கோரிக்கையை நாங்கள் ‘நிறம் மாற்றுவது’ என்று எடுக்கவில்லை. வாசலில் இருந்த நிறத்தை மேடைக்குக் கொண்டுபோவது, அவ்வளவுதான். வேலை என்னவோ ஒன்றுதான், ஆனால் எங்கே நிற்பாட்ட வேண்டும் என்பது அதால் தெரிந்துவிடுகிறது.

முதலில் வருகிற யோசனை படம் முழுவதன் வெள்ளைச் சமநிலையைத் திருத்துவது. இங்கே அது உதவாது. பிளவுஸ் சரியாக வரும்வரை தள்ளினால் கூறை செம்மண் நிறத்துக்குப் போய்விடும், முகம் மஞ்சள் பூசியது போலாகும். பிரச்சினை இரண்டு துணிகளுக்கு இடையிலான வித்தியாசம். முழுப்படத்தையும் அசைத்தால் இரண்டும் சேர்ந்துதான் அசையும். எனவே முகத்தோல் இயல்பாக இருக்கும்படி வெள்ளைச் சமநிலையை வைத்துவிட்டு, பிளவுஸைத் தனியாகத் தெரிவு செய்ய வேண்டும்.

அந்தத் தெரிவிலேதான் நேரம் போகும். ‘சிவப்பை எல்லாம் எடு’ என்று கொம்பியூட்டரிடம் விட்டால் கூறை, குங்குமம், உதடு, மருதாணிக் கை எல்லாம் சேர்ந்து வரும். எங்கட தோலின் நிறமே சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் இருக்கிறது, அதுவும் பாதி வரும். கையால் ஓரம் வரைந்து, மாலைப்பூவின் இடுக்குகள், அட்டியலின் நிழல், கைவிளிம்பின் சரிகை ஆகியவற்றை விலக்கி எடுக்க ஒரு படத்துக்கு இருபது நிமிடம் பிடித்தது. பிறகு Hue/Saturation இல் Hue வைக் கூட்டும் பக்கம் ஏழு எட்டு அளவு நகர்த்தி, செறிவைச் சற்றுக் குறைத்து, Curves இல் கொஞ்சம் இருட்டாக்கினோம். இவ்வளவுதான் நிறமாற்றம். வாசல் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தோம்.

பட்டுத்துணியில் இரண்டு இடத்தில் பிடிபடும். மடிப்பின் மேலே மினுங்குகிற கோடு துணியின் நிறமில்லை, லைற்றின் நிறம். அதற்கும் சிவப்பு ஏற்றினால் பிளவுஸ் பிளாஸ்ரிக் போலாகிவிடும், ஆகவே மினுக்கத்தை விட்டுவிட வேண்டும். மற்றது தெறிப்பு. ரோஸ் பிளவுஸின் சாயல் கையின் உட்பக்கத்திலும் கழுத்தின் கீழும் மெல்லியதாக விழுந்திருக்கும். பிளவுஸ் சிவப்பாகி, கையில் ரோஸ் நிழல் மிச்சமிருந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். அந்த இடங்களுக்கு மிக மெல்லிய இன்னொரு திருத்தம் போட்டோம்.

பதினான்கு படங்களில் ஒன்றை மட்டும் செய்ய முடியவில்லை. தாலி கட்டி முடிந்து எழும்புகிற நேரம், வீடியோ லைற் நேரே தோளில் விழுந்த படம். அன்று அந்த இரண்டாவது கமராவில் ‘ரோ’ இல்லாமல் ஜேபெக் மட்டும்தான் பதிவாகியிருந்தது. தோள்ப் பகுதியில் சிவப்பின் அளவு எல்லாப் புள்ளியிலும் 255, அதாவது உச்சம். அங்கே துணியின் இழையே பதிவாகவில்லை. எந்த நிறத்துக்குத் தள்ளினாலும் பெயின்ற் அடித்தது போல ஒரு தட்டையான துண்டுதான் வரும். அதை அவவுக்குச் சொல்லி, அதே கணத்தில் பிளாஷோடு எடுத்த படத்தை அல்பத்துக்கு மாற்றினோம்.

முடி வேறு கதை. முன்பக்கம் அவவின் சொந்த முடி, இயல்பாகவே கொஞ்சம் பழுப்பு. பின்னல் சவரிமுடி வைத்துப் பின்னியது, நீலம் கலந்த கறுப்பு. பின்னுக்கிருந்து வந்த லைற்றில் பழுப்பு இன்னும் செம்பட்டையாகத் தெரிந்தது. எல்லோரும் செய்வது முன்முடியைக் கறுப்பாக்குவது. அப்படிச் செய்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலைக்கு மேல் ஹெல்மெற் கவிழ்த்தது போலாகும், நெற்றியோரம் வரைந்த கோடாகிவிடும். அச்சில் இன்னும் மோசம், திரையில் தெரிகிற இருட்டு விபரங்கள் தாளில் மூழ்கிப்போகும். நாங்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்து தொடங்கினோம். பின்னலில் இருந்த நீலத்தைக் குறைத்து, அதை ஒரு சொட்டு வெளிச்சமாக்கினோம். முன்முடியில் செறிவை மட்டும் பாதிக்குக் கிட்டக் குறைத்தோம், இருட்டை அதிகம் தொடவில்லை. நெற்றியோரத்தில் பறக்கிற குட்டி முடிகளை அப்படியே விட்டோம். இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன.

முகத்தைப் பற்றி அவ கேட்டதுதான் ஸ்டூடியோவில் கொஞ்சம் சலசலப்பு. யாரும் கேட்காமலே எல்லா மணப்பெண்ணுக்கும் தோலை வெளிச்சமாக்குகிற ஒரு தயார் அமைப்பு அங்கே இருக்கிறது, ஒரு சொடுக்கில் நூறு படத்துக்கும் போகும். “விட்டா கறுப்பா இருக்கெண்டு திட்டு வாங்குவம்” என்பது அண்ணாவின் நியாயம். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அப்படித் திட்டு வாங்கியதை நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் பிளவுஸுக்கு ஒரு சாட்சிப்படம் கேட்கிற ஆள், முகத்துக்கும் அதே நீதியைத்தானே கேட்கிறா? அண்ணா முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்த அமைப்பை எடுத்துவிட்டார்.

‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதே படத்தில் குறைவாகத் திருத்தியது ஒன்று, கூடத் திருத்தியது ஒன்று எனப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினோம். போன் திரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் காட்டும் என்பதால், சிறிய அளவில் தாளில் அடித்தும் கொடுத்தோம். “முதலாவது காணும் அண்ணா” என்று பதில் வந்தது. குறைவானதுதான். மற்றப் படங்களையும் அந்த அளவுக்கே நிறுத்தினோம். விரித்தால் ஒரே பக்கத்தில் மூன்று பிளவுஸ் தெரிகிற அல்பத்தில், ஒவ்வொன்றும் தனியே அழகாக இருப்பதைவிட மூன்றும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம்.

மேலதிகக் காசு அண்ணா வாங்கவில்லை. எங்களுக்கு அந்த ஞாயிறு இரண்டு கொத்துரொட்டி கிடைத்தது.

அல்பம் போய் ஒரு கிழமைக்குப் பிறகு அவ ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தா. அம்மா மேடைப் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “பாத்தியோ, நான் வாசல்ல வச்சுப் பாத்தனான். அச்சொட்டு” என்று சொன்னாவாம். வீடியோ இன்னும் வரவில்லை. அது வேறு ஆள் எடுத்தது. வெட்டி ஒட்டாத ஒரு துண்டை அவர் அண்ணாவுக்குக் காட்டியிருந்தார், அதில் பிளவுஸ் ரோஸ்தான்.