கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்

மட்டாஞ்சேரியிலும், அதை அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியின் தோபிக்கானாவிலும் வாழும் தமிழ் முதியவர்களின் பேச்சை ஆய்வுக்காகப் பதிவு செய்துவருகிறேன். ஒவ்வொரு பதிவுடனும் பேசியவரின் ஒளிப்படமும் இடம்பெறும். அவர்களுள் பலர் மூக்குக் கண்ணாடி அணிபவர்கள்; சன்னல் வெளிச்சம் வில்லையில் பட்டுக் கண்ணை மறைத்துவிடும். அந்தப் படங்களைச் சீர்செய்யக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், மறைப்பு எத்தகையது என்று பார்க்க வேண்டும். பச்சையோ ஊதாவோ கலந்த மெல்லிய படலம் என்றால், அதன் அடியில் இமையும் கருவிழியும் மங்கலாகவேனும் இருக்கும். வில்லைப் பகுதியை மட்டும் தேர்ந்து, நிறத்தைத் தணித்து, வெளிச்சத்தைச் சற்று இறக்கினால் கண் மீண்டு வரும். வெண்திட்டு என்றால் நிறங்காட்டியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்று காட்டினால் அங்கே கண்ணின் தகவலே பதிவாகவில்லை. எந்த மென்பொருளும் அதை மீட்காது. வேறொன்றை வரைந்துதான் வைக்கும்.

ஒரு பாட்டியின் படத்தில் இடக்கண் இப்படித்தான் வெளுத்திருந்தது. வலக்கண்ணைத் திருப்பி ஒட்டுவது எளிது. ஆனால் எழுபது வயதில் இரண்டு இமைகளும் ஒன்றுபோல் சரிவதில்லை. விழியில் மின்னும் ஒளிப்புள்ளியும் எதிர்ப்பக்கத்திற்குப் போய்விடும். நல்லவேளையாக, அதே இருக்கையில், அதே வெளிச்சத்தில், கண்ணாடியில்லாமல் எடுத்த படமும் இருந்தது. அதிலிருந்து இடக்கண்ணை எடுத்துப் பொருத்தியதும் பேரன் சொன்னான்: "இது எங்க பாட்டி கண்ணு இல்லியே, சின்னதா இருக்கு."

அவன் சொன்னது சரி. பாட்டியின் வில்லை +4. அது கண்ணை ஏறத்தாழ 6 விழுக்காடு பெரிதாகக் காட்டும். ஆகவே 100 புள்ளி அகலமுள்ள கருவிழியை 106 ஆக்கினேன். கிட்டப்பார்வை வில்லையானால் மாறாகச் சுருக்க வேண்டும். பிறகு ஒட்டின் விளிம்பைச் சட்டத்தின் உள்ளோரத்தில் மறைத்தேன். விழியின் ஒளிப்புள்ளியை மட்டும் அழிக்கவில்லை. அது போனால் பார்வை உயிரற்றுப்போகும்.

நூல் சுற்றிய அந்தப் பழைய சட்டத்தையும் மாற்றித் தரும்படி பேரன் கேட்டான். கடைப் படத்திலிருந்து எடுத்து ஒட்டிய சட்டம் முகத்தில் மிதக்கும். மூக்கிலும் கன்னத்திலும் விழும் நிழல் அதற்கு இராது. மேலும், வில்லைக்குள் தெரியும் கன்னக்கோடு வெளிக்கோட்டிலிருந்து விலகியிருக்கும். புதுச் சட்டத்தின் விளிம்பு வேறிடத்தில் வரும்போது அந்த விலகலும் இடம்மாற வேண்டும். புதுச் சட்டத்தில் அதே எண்ணில் வில்லை போட்டு, அதே சன்னலருகே மீண்டும் எடுப்பதே சிறந்த வழி. வீட்டுச் சுவருக்கு அப்படி எடுத்துக் கொடுத்தேன். ஆய்வுக் கோப்பில் நூல் சுற்றிய சட்டமே இருக்கிறது. கண்ணை ஒட்டிய குறிப்பும் உடன் இருக்கிறது.

இப்போதெல்லாம் படம் எடுக்கும்முன் கண்ணாடியின் காதுக்கம்பிகளைச் சற்றே உயர்த்தி வைக்கச் சொல்கிறேன். வில்லை 5 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்தால், பிரதிபலிப்பு 10 பாகை விலகும். பெரும்பாலும் அதுவே போதும்.