ஓர் எண்ணுக்குப் பின்னே

பிரிவு உபசார விழாக்களில் ஆற்றப்படும் உரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. 'அனைவருக்கும் நன்றி' என்ற சொல்லுக்குள் எல்லாரும் அடங்கிவிடுவர். ஆகவே எவரும் தனித்து நினைக்கப்படுவதில்லை. துவாக்குடியில், கொதிகலன்களுக்கான குழாய்ப் பகுதிகளைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றில் கணக்கெழுதும் நான், இத்தகைய உரைகள் பலவற்றைக் கேட்டுத் தேநீரோடு மறந்திருக்கிறேன். கத்தார் நாட்டுக்குப் புறப்பட்ட எங்கள் இளம் வெல்டர் பேசியதை மட்டும் மறக்க இயலவில்லை.

அவர் தேறியிருந்தது '6ஜி' எனப்படும் தேர்வு. குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாதபடி பொருத்திவிடுவர். குழாயைத் திருப்பலாகாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வரவேண்டும். மேற்புறம் பற்றவைக்கும் கை, அடிப்புறத்தில் தலைக்கு மேலாகப் பற்றவைக்க நேரும். பின்னர் இணைப்பை எக்ஸ்ரே படம் எடுத்து உள்ளே குறை உண்டா என்று பார்ப்பர். தேறியவருக்கு ஓர் எண் வழங்கப்படும். அதன்பின் அவர் செய்யும் இணைப்புகளின் அருகே அந்த எண் பொறிக்கப்படும். வேறு எவருடைய பெயரும் அங்கே இராது.

"அந்த எண் என்னுடையது என்கிறார்கள். அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்" என்று தொடங்கினார்.

முதலில் அவர் கைகூப்பியது கிரைண்டர் பிடிக்கும் அண்ணனை நோக்கி. இரு குழாய்களைச் சேர்க்குமுன், இடைவெளி மாறாதிருக்க அங்கங்கே சிறு 'டேக்' வைப்பது வழக்கம். அதன் இரு முனைகளையும் இறகுபோல் மெலிதாகத் தேய்த்துவிட வேண்டும். தடித்த முனையாக விட்டால், முதல் ஓட்டத்தில் உருகிவரும் உலோகம் அதன்மேல் படியுமேயன்றி அதனோடு கலக்காது. வெளியிலிருந்து நோக்கினால் இணைப்பு அழகாகவே தோன்றும். இவருடைய பயிற்சித் துண்டு ஒன்று அப்படித்தான் தோற்றது. படத்தில் ஒரு நேரான கருங்கோடு. காற்றுக் குமிழி என்றால் வட்டப் புள்ளியாக விழும். கோடு விழுந்தால் உலோகம் ஒட்டவில்லை என்று பொருள். "அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. அடுத்த பத்து நாளும் தம் வேலை முடிந்தபின் நின்று, ஒவ்வொரு டேக்கையும் எப்படித் தேய்ப்பது என்று காட்டினார். தேர்வுத் துண்டை நானே தேய்த்தேன், ஆனால் தேய்த்தது அவர் கை" என்றார்.

அடுத்து, ஸ்டோர் பார்க்கும் அக்கா. பிரித்த பெட்டியில் கிடந்த வெல்டிங் ராடுகளை அவர் எவருக்கும் கொடுக்கமாட்டார். '7018' வகை ராடின் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முந்நூறு பாகைக்கு மேல் ஓவனில் சுட்டு, சூடாகவே வைத்திருந்து கொடுக்க வேண்டும். ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்தால், இணைப்பு ஆறி ஓரிரு நாள் கழித்துக்கூட விரிசல் காணும். அவசரத்தில் சண்டையிட்டுக்கொண்ட வெல்டர்களுள் இவரும் ஒருவர். "அக்கா, அன்று நீங்கள் இணங்கியிருந்தால் நான் இன்று புறப்படமாட்டேன்" என்றபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

என்னையும் அவர் விடவில்லை. முதலில் வந்த முகவர் ஒன்றரை இலட்சம் ரூபாய் கேட்டார். இவருடைய அன்னை தாலிச்சங்கிலியை அடகு வைக்கத் துணிந்திருந்தார். வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியல் உண்டு. அதில் அவர் பெயர் இல்லை என்று நான் காட்டினேன். விதிப்படி முகவர் பெறக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. உரிமமுள்ள வேறொருவர் வழியே, இரசீதுடன் காரியம் முடிந்தது. நான் செய்தது அரைமணி நேர வேலை. அதைச் சபையில் சொல்லக் கேட்டபோது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

முதலாளியைப் பற்றி இரண்டே வாக்கியங்கள். பட்டறையிலிருந்த ஒரே 6ஜி வெல்டரை இழக்கிறோம் என்று அறிந்தும், சேர்ந்த நாளையும் செய்த வேலையையும் உள்ளபடி எழுதி அனுபவச் சான்றிதழில் ஒப்பமிட்டவர் அவர். அதைத் தராமல் இழுத்தடிக்கும் இடங்கள் உண்டென்பதை அங்கிருந்த யாவரும் அறிவர். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். கைவசமிருந்த வேலையை யாரைக் கொண்டு முடிப்பது என்ற கவலை அவர் முகத்தில் மறையவில்லை.

பேசி முடித்தவர் ஓர் உறையைக் கிரைண்டர் அண்ணனிடம் கொடுத்தார். அந்தத் தோற்ற துண்டின் எக்ஸ்ரே படம் அதில் இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிறருடைய இணைப்புகளைத் தேய்த்துக் கொடுத்தும், ஒரு சான்றிதழிலும் பெயர் காணாத மனிதர் அவர். மேசையில் வடை ஆறிக்கொண்டிருக்க, அவர் அந்தப் படத்தைக் குழல் விளக்கின் எதிரே தூக்கிப் பிடித்து, ஸ்டோர் அக்காவுக்குக் கோட்டைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.